அபுதாபி டிராஃபிக் ஃபைன் நோட்டீஸ் அரபியில் வந்தால் தமிழில் படிப்பது எப்படி?

கம்பெனி வண்டி ஓட்டுபவர்களுக்கு ஃபைன் நோட்டீஸ் நேராக வராது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் போகும். பிஆர்ஓ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "சம்பளத்தில் பிடிப்போம்" என்பார். முசஃபாவில் நண்பர்களுக்காக இதைப் பல முறை படித்துச் சொன்னதால் எழுதுகிறேன். கீழே இருப்பது மாதிரி மட்டுமே.

```
جهة المخالفة: شرطة أبوظبي
تجاوز الحد الأقصى للسرعة المقررة
بما لا يزيد على ٣٠ كم/س
التاريخ: ٢٠٢٥/٠٣/٠٥
قيمة الغرامة: ٦٠٠ درهم
```

1. முதலில் எண்கள்

எழுத்தைத் தொடாதீர்கள், எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ٠ என்ற புள்ளிதான் பூஜ்யம். பூஜ்யம் போல வட்டமாக இருக்கும் ٥ ஐந்து. ٦ பார்க்க நம்ம 7 மாதிரி இருக்கும், ஆனால் ஆறு. ஏழு என்பது ٧. இதையே கவிழ்த்தால் ٨, அது எட்டு. அப்படிப் பார்த்தால் மேலே உள்ள தொகை 600 திர்ஹம்.

2. என்ன குற்றம்

முதல் வரி ஃபைன் போட்டது யார் என்று சொல்கிறது: அபுதாபி போலீஸ். அடுத்த இரண்டு வரிகளுக்கு அர்த்தம், "நிர்ணயித்த வேகத்தைத் தாண்டியது, மணிக்கு 30 கி.மீ.க்கு மிகாமல்".

பலரும் தடுமாறும் இடம் இந்த "மிகாமல்"தான். 30 கி.மீ. கூடுதலாகப் போனதாக நோட்டீஸ் சொல்லவில்லை. 20-க்கு மேல், 30-க்குள் என்ற படியில் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 20-க்குள் என்றால் 300 திர்ஹம், 30-க்குள் 600, 40-க்குள் 700, 50-க்குள் 1,000. தொகையும் படியும் பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். உதாரணமாக, 120 சாலையில் 147-ல் போனால் 27 கூடுதல், எனவே 600 சரி.

"20 வரை விடுவார்களே" என்று துபாயிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள். அபுதாபியில் அந்தச் சலுகையை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். போர்டில் 120 என்றால் 121-லேயே கேமரா பிடிக்கும்.

3. கடைசி தேதி

இந்த நோட்டீஸில் கடைசி தேதி என்று தனியாக எதுவும் இல்லை. இருப்பது மீறல் நடந்த தேதி மட்டும். அதிலிருந்து நாமேதான் எண்ண வேண்டும்.

அரபி வலமிருந்து இடம் போனாலும் எண்களுக்குள் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலம்தான். ஆகவே இங்கே வருடம், மாதம், நாள்: 2025 மார்ச் 5. இதை மே 3 என்று படித்தால் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும்.

அபுதாபி போலீஸ் ஃபைனுக்கு, மீறல் நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம் தள்ளுபடி. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குள் கட்டினால் 25 சதவீதம். நம்ம கணக்குக்கு மே 4-க்குள் 390 திர்ஹம், பிறகு 450, வருடம் தாண்டினால் முழு 600. உயிருக்கு ஆபத்து வரவழைக்கும் பெரிய மீறல்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

கட்டாமலே விட்டால்? வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவைப் புதுப்பிக்கும்போது வண்டி நிற்கும். அப்போது கம்பெனி அன்றைக்கு எவ்வளவு காட்டுகிறதோ அதைக் கட்டி, உங்கள் கணக்கில் எழுதும். அதனால் "மே 4-க்குள் கட்டினால் 390" என்று ஒரு வரி எழுதி பிஆர்ஓவுக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் பிறகு 600 பிடிக்கும்போது கேள்வி கேட்கலாம்.

4. கட்டுவது

எஸ்எம்எஸ்ஸில் லிங்க் இருந்தால் தொடவே வேண்டாம். போலீஸ் பெயரில் வரும் போலி மெசேஜ்கள் ஏராளம். நான் எப்போதும் அபுதாபி அரசின் TAMM ஆப்பை நேராகத் திறந்துதான் பார்ப்பேன். அதே தேதி, அதே தொகை அங்கேயும் இருந்தால்தான் நோட்டீஸ் உண்மை. தள்ளுபடி போன தொகையும் அங்கேயே தெரியும்.

பிற்சேர்க்கை: அபுதாபி நம்பர் பிளேட்தான், ஆனால் ஆப்பில் 35 சதவீதம் குறையவே இல்லை என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அவருடைய நோட்டீஸின் முதல் வரியில் இருந்தது `شرطة دبي`, அதாவது துபாய் போலீஸ். தள்ளுபடிக்குப் பிளேட் கணக்கில்லை, ஃபைன் போட்ட எமிரேட்தான் கணக்கு. முதல் வரியை விட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் பிஆர்ஓக்கள் உண்டு. அப்படி வந்தால் முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.