ஜப்பானிய விசிட்டிங் கார்டு: யாரை எப்படி அழைப்பது?

ஜப்பானிய நிறுவனத்தவரின் கார்டை யாராவது உங்களுக்குப் படமெடுத்து அனுப்பினால், முதலில் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். 田中 健一 என்றிருந்தால் முதல் இரண்டு எழுத்துகள் தனாகா, குடும்பப் பெயர். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் நம்ப முடியாது. சிலர் Kenichi Tanaka என்று திருப்பி எழுதுவார்கள். 2020 முதல் ஜப்பான் அரசு ஆவணங்களில் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவதால், TANAKA Kenichi என்றும் அச்சிடுகிறார்கள். முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பது பொதுவாகக் குடும்பப் பெயர்.

ஆங்கிலக் கடிதத்தில் மரியாதைச் சொல்லான 'சான்' சேர்த்து 'தனாகா சான்' என்றால் போதும். ஆண், பெண் இருவருக்கும் இதுவே. அதன்முன் 'மிஸ்டர்' வேண்டாம். உங்கள் பெயரோடு ஒருபோதும் 'சான்' சேர்க்காதீர்கள், சிரிப்பார்கள்.

பதவியில்தான் மொழிபெயர்ப்புச் செயலிகள் காலை வாரும். 代表取締役 என்பதை 'பிரதிநிதி இயக்குநர்' என்று காட்டும். யாரோ விற்பனைப் பிரதிநிதி என்று நினைத்துவிடுவோம். உண்மையில் நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சட்ட அதிகாரம் உள்ளவர் அவர், பெரும்பாலும் தலைவரே. 部長 துறைத் தலைவர், 課長 அவருக்குக் கீழே உள்ள பிரிவுத் தலைவர். 部長代理 என்றிருந்தால் கவனியுங்கள்: பின்னால் ஒட்டிய இரண்டு எழுத்துகள் அவரைத் துறைத் தலைவருக்குக் கீழே இறக்கிவிடுகின்றன. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் காணாமல் போவதும் இவைதான்.