மே மாதம் இருக்கிறதே என்று பிப்ரவரியை விடாதீர்கள்

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு தேர்வு, முதலாவது பிப்ரவரியில், இரண்டாவது மேயில். கீழக்கரையில் டியூஷன் எடுக்கிறவன் என்பதால் இதைப் பற்றிய குழப்பமெல்லாம் என் வாசலுக்கும் வரும். இதில் பிள்ளைகளும் பெற்றோரும் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன், ஹால் டிக்கெட்டை மறப்பது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை.

பாடங்களைப் பங்கு பிரிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். 2026இல் பிப்ரவரித் தேர்வும் ரமலான் நோன்பும் ஒன்றாக வந்தன. ஒரு அம்மா வந்து, "சார், கணக்கும் இங்கிலீஷும் இப்ப எழுதட்டும். சயின்ஸ், சோஷியல், தமிழ் மூணையும் மே மாசம் எழுதிக்கலாம்ல? அவங்க அத்தாவும் துபாயிலேருந்து அதான் சொல்றாங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் பையனுக்கு ஒரு வருடம் போகும்.

முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். அதில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாதவரை மே மாதத்தில் உட்கார விடமாட்டார்கள். 'எசென்ஷியல் ரிப்பீட்' என்ற பிரிவில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் எழுத முடியும். அந்த அம்மா கணக்குப் போட்டது சரியாக மூன்று பாடம்!

அதே பையன் ஐந்தையும் எழுதி, சயின்ஸில் மட்டும் தவறியிருந்தால் 'கம்பார்ட்மென்ட்' என்று மே மாதம் அதை எழுதலாம். ஐந்திலும் தேறி, சயின்ஸ் மார்க் போதவில்லை என்றாலும் எழுதலாம். ஆக, தயாராகாமல் போய் எழுதுவதுகூடப் போகாமல் இருப்பதைவிட மேல். "படிக்கல சார், அதான் போகல" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் திட்டிச் சொல்கிறேன்.

எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத நினைப்பது

தேறியவர்கள் மார்க்கை உயர்த்த அதிகபட்சம் மூன்று பாடம்தான் எழுதலாம். அறிவியல், கணிதம், சமூக அறிவியல், மொழிகள் இவற்றிலிருந்து எடுக்க வேண்டும்.

மார்க் குறைந்துவிடும் என்று பயப்படுவது

குறையாது. பிப்ரவரியில் 62, மேயில் 55 என்றால் 62தான் நிற்கும். இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு.

ஆனால் பள்ளி தரும் அகமதிப்பீட்டு மார்க் ஒருமுறைதான். முதல் தேர்வுக்கு முன்பே அது முடிந்துவிடும். 20க்கு 11 வாங்கியவர் மேயில் 80 மார்க் தாளைத்தான் திரும்ப எழுதுகிறார், அந்த 11 அப்படியே இருக்கும். ரெக்கார்டு நோட்டை ஜனவரியில் தேடுகிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மேயில் பாடம் குறையும் என்று நம்புவது

முழுப் பாடத்திட்டம்தான்.

மாநிலப் பாடத்திட்டத்தோடு குழப்பிக்கொள்வது

அங்கே துணைத் தேர்வு தவறியவர்களுக்கும் வராதவர்களுக்கும்தான். தேறியவர் மார்க்கை உயர்த்த அதில் எழுத முடியாது.