போன் கேமராவில் சேலைப் படம்: நிறம் மாறாமல் எடுக்க

வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் சின்னக் கடைகளுக்குப் பெரிய தலைவலி, "படத்துல ஒரு கலர், நேர்ல ஒரு கலர்" என்று திரும்பி வரும் பார்சல்தான். நிறம் மாறாமல் எடுத்துக் கொடுத்தால் அடுத்த சரக்குக்கும் உங்களையே கூப்பிடுவார்கள்.

முதலில் கடையின் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் மெரூன் ஒரு பக்கம் பழுப்படிக்கும், அதைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வது கஷ்டம். நேர் வெயில் விழாத ஜன்னலருகே சேலையை விரித்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் மடிப்பு நிழல் குறையும். ஃபில்டர், பியூட்டி மோடு வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று 2x-இல் எடுத்தால் பார்டர் வளையாது. ஜரிகை வெளுத்துத் தெரிந்தால், போன் திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, திரையிலேயே படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

முழுச் சேலை, முந்தானை, பார்டர் நெருக்கத்தில், பிளவுஸ் துணி என நான்கு படம் போதும். கூலியைச் சேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். நாள் கணக்கில் பேசினால், அன்று எத்தனை சேலையை மடித்து விரித்து எடுத்தாலும் அதே கூலிதான். படங்களை டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

இதே படங்களை, படம் விற்கும் ஸ்டாக் தளத்தில் ஏற்ற நினைத்தால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிராண்ட் லோகோ தெரிந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்கமாட்டார்கள். யாருடைய முகமாவது தெரிந்தால் அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும்.