ஒரே ஒரு சொல்லை மாற்றும்போது தவிர்க்க வேண்டியவை

கையெழுத்துக் குறிப்பின் புகைப்படத்தில் ஒரு சொல்லை மட்டும் ஃபோட்டோஷாப்பில் மாற்றும் வேலையைப் புதிதாக வருபவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. கையெழுத்து எழுத்துருவில் தட்டச்சு செய்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை செய்தவருக்கே உறுத்திவிடும்.

மையின் நிறத்தை ஐட்ராப்பரில் எடுத்து எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு குறும்படத்தில் கதாநாயகி படிக்கும் குறிப்பில் “ஞாயிறு வருகிறேன். உங்கள் பெட்டி தயாராக இருக்கட்டும்” என்று இருந்தது. கதையில் நாள் மாறியதால் “ஞாயிறு” போய் “வெள்ளி” வர வேண்டும். உதவியாளர் மையின் கருமையான இடத்தில் ஐட்ராப்பரை வைத்து நீலத்தை எடுத்தார், டேப்லெட்டில் அழகாகவே எழுதினார். கைபேசியில் பார்த்த எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். திரையிட்டுப் பார்த்த அன்று, கேமரா மெல்ல நெருங்கும் அந்தக் காட்சியில் “வெள்ளி” மட்டும் காகிதத்துக்கு மேலே மிதந்தது. முழுக் காட்சியையும் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று.

பால்பாயிண்ட் மைக்கு ஒற்றை நிறம் கிடையாது. அழுத்தி இறங்கும் கோடு கருக்கும், ஏறும் கோடு வெளிறும், வளைவு திரும்பிய இடத்தில் சிறு திட்டு விழும். கோட்டின் ஓரப் பிக்சல்களில் மையும் காகிதமும் கலந்திருக்கும். ஐட்ராப்பர் இவற்றில் ஒரு புள்ளியைத்தான் தரும்.

அதனால் அந்தக் குறிப்பிலிருந்தே எழுத்துகளை எடுங்கள். “வருகிறேன்” என்பதில் வ இருக்கிறது. ஒற்றைக்கொம்பு “பெட்டி”யில் கிடைக்கும். “உங்கள்” என்பதன் ள் புள்ளியோடு அப்படியே வரும். இகரக் கொக்கியை “பெட்டி”யின் டி-யிலிருந்து எடுக்காதீர்கள், அது ட-வின் அடிக்கோட்டோடு சேர்ந்து வேறு வடிவமாகிவிடும். “வருகிறேன்” என்பதன் கி-யில் உள்ள கொக்கிதான் ளி-க்குப் பொருந்தும். இரண்டு ள-வும் ஒரே அச்சாக நின்றால் கண் பிடித்துவிடும், ஆகவே ஒன்றின் சுழியை வார்ப் கருவியால் கொஞ்சம் திருத்துங்கள்.

எடுத்த துண்டை Multiply முறையில் வைத்தால் போதும் என்று நினைப்பதும் இதே தவறின் தொடர்ச்சிதான். துண்டோடு அதன் காகிதமும் வருகிறதே! கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் காகிதத்தின் மதிப்பு 210 என்றால், 210-ஐ 210-ஆல் பெருக்கி 255-ஆல் வகுக்க, 173 வரும். எழுத்தைச் சுற்றி ஒரு சாம்பல் கட்டம் தெரியும். முதலில் துண்டுக்கு மட்டும் Levels திறந்து, வெள்ளை ஐட்ராப்பரால் துண்டிலுள்ள வெற்றுக் காகிதத்தைத் தொடுங்கள். காகிதம் 255 ஆகும், 60 ஆக இருந்த மை 73 ஆகும். பிறகு Multiply செய்யும்போது புதிய இடத்தின் 210-உடன் பெருகி மை மறுபடியும் 60-க்கே வந்து சேரும். புதிய இடத்தில் நிழல் விழுந்து காகிதம் 180 ஆக இருந்தாலும் மை அதற்கேற்பத் தானாகக் கருக்கும். நிறத்தைத் தேடி எடுக்கும் வேலையே இதில் இல்லை. காகிதம் வெளுத்து 255-ஐ முட்டிய படத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

அழுத்தத்தைக் கோட்டின் தடிமனாக நினைப்பது

எழுத்து கிடைக்காமல் டேப்லெட்டில் வரைந்தே தீர வேண்டும் என்றால், Shape Dynamics-இல் Size Jitter-இன் Control: Pen Pressure என்பதை அணைத்துவிடுங்கள். பால்பாயிண்ட் கோடு அழுத்தினால் பெரிதாகத் தடிக்காது, கருக்கும். Transfer-இல் Opacity Jitter-க்குப் பேனா அழுத்தத்தைக் கொடுங்கள். தடிமனும் அழுத்தத்தோடு மாறுவது வளையும் முனையுள்ள மைப்பேனாவில்தான்.

சாய்வு

எழுத்தின் சாய்வைப் பக்கத்துச் சொற்களோடு பொருத்த Rotate வேண்டாம், Skew செய்யுங்கள். சுழற்றினால் எழுத்தின் அடியும் வரியை விட்டு ஏறிவிடும்.

பழைய சொல்லை ஹீலிங் பிரஷ்ஷால் அழிப்பது

பக்கத்துச் சொல்லின் மையை இழுத்துத் தீற்றும். ஓரங்களில் க்ளோன் ஸ்டாம்ப்.

கைபேசியில் பார்த்து முடிவு செய்வது

எல்லா லேயர்களுக்கும் மேலே Hue/Saturation லேயர் ஒன்றை வைத்து, Saturation-ஐ உச்சத்துக்கு ஏற்றி, 300% பெரிதாக்கிப் பாருங்கள். ஜேபெக் படங்களில் நிறம் பெரும்பாலும் ஒளியைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படும். அதனால் உண்மையான மைக்கோட்டைச் சுற்றி மங்கலான நீலக் கசிவு தெரியும். டேப்லெட்டில் வரைந்த சொல்லில் அந்தக் கசிவு இருக்காது. வரைந்த சொல்லின் லேயரை நகலெடுத்து, நகலை Color முறையில் வைத்து, ஓரிரு பிக்சல் Gaussian Blur கொடுத்தால் கசிவு வந்துவிடும்.

காசோலை, சான்றிதழ், ஒப்பந்தம்

தொடாதீர்கள். எழுதியவர் சம்மதித்த குறிப்பு, படத்துக்கான பொருள், இவை மட்டுமே.