கஞ்சியில் கட்டி விழுகிறதா? முதலில் அந்தக் கட்டியை உடைத்துப் பாருங்கள்

ராகிக் கஞ்சி கட்டி தட்டினால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், "நீ சரியாகக் கிண்டவில்லை." அது பாதிதான் உண்மை. கை வலிக்கக் கிண்டியும் கட்டி போகாமல் நின்றவர்களுக்கு இது தெரியும். கட்டி எப்படி வந்தது என்பதை அந்தக் கட்டியே சொல்லிவிடும். ஒன்றைக் கரண்டியில் எடுத்து, ஆறியதும் விரலால் இரண்டாகப் பிளந்து பாருங்கள்.

வெளியே பளபளவென்று வழுக்கலாக ஒரு தோல், உள்ளே வெளிறிய காய்ந்த மாவு. இப்படி இருந்தால், மாவு நேராகச் சூடான தண்ணீரில் விழுந்திருக்கிறது. ராகியில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதி, பசை மாதிரி ஆகிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி மாவைக் கொட்டினால் அந்தக் குவியலின் வெளிப்பக்கம் நொடியில் பசையாகி உள்ளே இருக்கிற மாவை மூடிவிடுகிறது, அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. அரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் நடுவில் பச்சை மாவுதான் இருக்கும்.

அதனால் மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கரைக்கிற விதத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அதில் மாவைத் தூவிக் கலக்குவார்கள். தண்ணீர் அதிகமாக இருப்பதால் சின்னச் சின்ன மாவு உருண்டைகள் கரண்டிக்குப் பிடிபடாமல் நழுவி மிதந்துகொண்டே இருக்கும். இதைத் திருப்பிச் செய்யுங்கள். மூன்று மேசைக்கரண்டி மாவைக் கிண்ணத்தில் போட்டு, அதே அளவு, வேண்டுமானால் ஒரு கரண்டி கூடத் தண்ணீர் மட்டும் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழையுங்கள். அந்தக் கெட்டிப் பதத்தில் உருண்டைகள் கரண்டியின் அடிப்பக்கத்தில் மாட்டி நசுங்கும். ஒரு நிமிடம் கிண்ணத்தின் ஓரத்தில் தேய்த்துவிட்டு, வழவழப்பான பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் சேர்த்து அரை டம்ளர் கரைசல் ஆக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் திரிந்த மோர் மாதிரி திரிதிரியாக இல்லாமல் ஒரே சீராக வழிய வேண்டும்.

சரி, பிளந்து பார்த்த கட்டி உள்ளும் புறமும் ஒரே மாதிரி அல்வாத் துண்டு போல இருக்கிறதா? அப்படியானால் கரைத்ததில் குறை இல்லை, அடுப்பில்தான் தவறு. மாவு தண்ணீரில் கரைந்துபோவதில்லை, கொஞ்ச நேரம் கலந்து நிற்கத்தான் செய்கிறது. கரைத்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை பார்த்தால் அடியில் வண்டல் மாதிரி படிந்துவிடும். அதை அப்படியே கவிழ்த்தால் மேலே இருக்கிற தெளிவு முதலில் போகும், கடைசியில் அடி வண்டல் பொத்தென்று ஒரே இடத்தில் விழுந்து அங்கேயே வெந்து நிற்கும். ஊற்றுவதற்கு முந்தின நொடி அடியைச் சுரண்டிக் கலக்க வேண்டும். எனக்கு இது ஒருநாள் காலையில்தான் பிடிபட்டது. நன்றாகக் கரைத்த மாவுதான், போன் வந்தது, பேசிவிட்டு வந்து ஊற்றினேன், நெல்லிக்காய் அளவில் நாலைந்து கட்டி. அன்றைக்கு ஒன்றைப் பிளந்து பார்த்தேன், உள்ளே பச்சை மாவே இல்லை.

அடுப்பில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்துவிட்டு, ஒரு கை கரைசலை மெல்லிய தாரையாக விட, மறு கை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் முக்கியம். கஞ்சி இறுகுவது அப்போதுதான், அந்த நேரத்தில் நகரக்கூடாது. கரண்டி நடுவில் சுற்றுவது போதாது, பாத்திரத்தின் அடியும் மூலையும் தொட வேண்டும். அப்புறம் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம், அவ்வப்போது கிண்டினால் போதும். வெளிறிய நிறம் அடர்ந்து, மேலே ஒரு பளபளப்பு வந்து, பச்சை வாசனை போயிருந்தால் வெந்துவிட்டது. கெட்டியானதும் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு, அது வேகாத கஞ்சி, நாக்கில் மாவு மாவாக உரசும். அதைக் கட்டி என்று நினைத்துக் கரைத்த விதத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இதுவரை இனிப்புக்கும் உப்புக்கும் ஒரே வழிதான். இனிப்பில் வெல்லத்தைத் துருவி நேராகப் போட்டால் மண்ணும் தூசியும் கஞ்சியில் தங்கும், பால் சேர்த்துக் கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்து துணுக்குத் துணுக்காக நிற்கும். பார்க்க மாவுக் கட்டி மாதிரியே இருக்கும், ஆனால் நசுக்கினால் பனீர் போல உதிரும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி தண்ணீரிலேயே முழுதாக வெந்த பிறகு காய்ச்சிய சூடான பாலை ஊற்றிக் கலந்து, அடுப்பை அணைத்து, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் வெல்லக் கரைசலை விடுங்கள்.

உப்புக் கஞ்சியில் மோர் ஊற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. சூட்டோடு ஊற்றினால் மோர் திரியும், அதனால் ஆறவிட வேண்டும். ஆனால் ஆற ஆறக் கஞ்சி இறுகும், மேலே ஆடை மாதிரி ஒரு தோலும் படியும். அதன்மேல் ஒரு டம்ளர் மோரைக் கொட்டினால் என்ன ஆகும்? மாவைத் தண்ணீரில் தூவியபோது நடந்ததேதான்: இறுகிய கஞ்சி துண்டு துண்டாக மோரில் மிதக்கும், கரண்டிக்குப் பிடிபடாது. இங்கேயும் அதே கைப்பழக்கம்தான். ஆறும்போது அவ்வப்போது ஒரு கிண்டு கிண்டினால் தோல் படியாது. கைபொறுக்கும் சூட்டில் உப்புப் போட்டு, இரண்டு கரண்டி மோர் மட்டும் விட்டு மத்தாலோ கையாலோ நன்றாகக் குழைத்து, வழவழப்பானதும் மீதி மோரைச் சேருங்கள். தயிரானால் முதலில் தனியாகக் கடைந்துகொள்ளுங்கள். நறுக்கிய வெங்காயமெல்லாம் கடைசியில்.

ஓட்ஸில் இரண்டு கதை. பொடித்த ஓட்ஸ் என்றால் ராகி மாவுக்குச் சொன்ன எல்லாமே பொருந்தும், ஆனால் இன்னும் வேகமாக இறுகும், ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். மிக்ஸியில் பொடித்தால் சலித்துக்கொள்ளுங்கள், பொடியாகாத செதில்கள் வாயில் கட்டி போலத் தட்டும். செதிலாகவே போட்டால் பிரச்சினை கட்டி இல்லை, கொழகொழப்பு. ஓட்ஸில் இருக்கும் ஒரு வகை நார்ச்சத்து தண்ணீரில் கரைந்து பிசுபிசுக்கும், கிண்டக் கிண்ட அது கூடும். இனிப்புக்கு அது நல்லதுதான், பச்சைத் தண்ணீரிலேயே ஓட்ஸைப் போட்டுச் சேர்த்துச் சூடாக்கினால் பாயசம் போலக் குழைந்து வரும். உப்புக்கு எனக்கு அது பிடிப்பதில்லை, வெறும் சட்டியில் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் தூவி, குறைவாகக் கிண்டுவேன்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டி விழுந்துவிட்டால், கம்பி வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்த்து வடித்து, மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். உள்ளிருந்து வந்த பச்சை மாவு வேக வேண்டும் அல்லவா? மிக்ஸியில் அடிப்பதானால் ராகியை ஆறவிட்டுத்தான் அடிக்க வேண்டும், சூட்டோடு போட்டால் ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும். வெந்த ஓட்ஸை மட்டும் மிக்ஸியில் போடாதீர்கள், பசையாகிவிடும்.