டீக்கடை இன்டர்வியூவுக்குப் பிறகு என்ன எழுதுவது?

நாகர்கோவிலில் நாலைந்து பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பின் நிறுவனர், டீ குடித்துக்கொண்டே உங்களிடம் பேசினாரா? அன்று மாலையே, அவர் உங்களை அழைத்த அதே வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புங்கள். நன்றி ஒரு வரி போதும்; மீதி அவர் சொன்ன ஒரு சிக்கலைப் பற்றி இருக்கட்டும். தோவாளை பூ வியாபாரிகளுக்கான ஆப் என்றால் இப்படி:

"வணக்கம் அண்ணா, இன்னைக்குப் பேசினது நல்லா இருந்துச்சு. காலையில பூ விலை மாறிக்கிட்டே இருக்கும்னு சொன்னீங்கல்ல, விலைக்குப் பக்கத்துல அது பதிவான நேரத்தையும் காட்டினா குழப்பம் குறையும்னு தோணுது. வேணும்னா ஒரு மாதிரி ஸ்கிரீன் வரைஞ்சு அனுப்பட்டுமா? வேலை விஷயம் எப்போ தெரியும்னு சொன்னா உதவியா இருக்கும்."

சின்ன நிறுவனத்தில் ஆளெடுப்பவரே உங்களோடு உட்கார்ந்து வேலை செய்பவர். "மதிப்பிற்குரிய ஐயா" கடிதத்தில் உங்கள் வேலை தெரியாது, இதில் தெரியும். "அண்ணா" என்பது பேச்சில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் மட்டும். இல்லையென்றால் "சார்" போதும். மாதிரியைக் கேட்காமல் அனுப்பாதீர்கள், அவசரம்போலத் தெரியும்.

அழைப்பு மின்னஞ்சலில் வந்திருந்தால் பதிலும் அதிலேயே. முடிவுக்குத் தேதி சொல்லியிருந்தால் கடைசி வரியை விட்டுவிடுங்கள்.