ஸ்டாஃப் நர்ஸ் எடுக்க விளம்பரமும் மதிப்பெண் தாளும்: நான் சறுக்கிய இடம்

எங்கள் சிறிய மருத்துவமனைக்கு நர்ஸ் எடுக்க முதன்முறை நான் போட்ட விளம்பரம் ஒரே வரிதான்: 'அனுபவமுள்ள நர்ஸ் தேவை'. வந்த விண்ணப்பங்களில் பாதி, ஓராண்டு உதவியாளர் கோர்ஸ் முடித்தவர்களுடையவை. இப்போது இப்படிப் போடுகிறேன்:

"ஸ்டாஃப் நர்ஸ், 2 இடம். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு கட்டாயம். வார்டு வேலை, மூன்று ஷிப்ட், மாதம் 8 நைட். சம்பளம் ரூ.18,000, தங்குமிடம் உண்டு. பாண்ட் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம்."

சம்பளத்தையும் நைட்டையும் மறைத்தால் நேர்காணல் முடிந்த பிறகுதான் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்பார்கள். கடைசி வரியைப் பார்த்துத்தான் வந்தோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

அடுத்தது மதிப்பெண் தாள். மருந்துக் கணக்கு, செய்முறை, ஷிப்ட் ஒப்படைப்பு, பேச்சு என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். முறையே 6, 6, 5, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் 100.

நான் சறுக்கியது இந்தக் கூட்டுத்தொகையில்தான். கணக்குக் கேள்வி இது: 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் மி.லி.க்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 10,000 சொட்டை 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. ஒரு பெண் 125 என்று எழுதினார். அது மணிக்கு எத்தனை மி.லி. என்ற கணக்கு. அந்த வேகத்தில் விட்டால் பாட்டில் 80 நிமிடத்தில் காலி. அவருக்குக் கணக்கில் 2, செய்முறை 4, மற்ற இரண்டிலும் 5. மொத்தம் 76. கணக்கைச் சரியாகப் போட்டு, கூச்சத்தில் தடுமாறிய பெண்ணுக்கு 5, 4, 3, 2. மொத்தம் 75. தாளை நம்பி முதலாமவரை எடுத்திருப்பேன். எங்கள் சீனியர் சிஸ்டர் தடுத்தார்.

அதனால் முதல் இரண்டில் எதிலாவது 3-க்குக் கீழே போனால் மொத்தமே வராதபடி வைத்தேன். எதற்கு 5, எதற்கு 3 என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். கணக்கில் விடையும் அலகும் சரி என்றால் 5, சூத்திரத்தை நினைவூட்டிய பின் சரி என்றால் 3. நேர்காணல் நடத்தும் இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனிக் காகிதத்தில் போட வேண்டும். ஒரே ஷீட்டை இருவரும் திறந்து வைத்தால் ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துவிடுவார். சராசரியைப் பிறகு கூகுள் ஷீட்டில் ஏற்றலாம்.

பின்சேர்க்கை: கூகுள் ஷீட்டுக்கு முதலில் நான் கொடுத்த சூத்திரத்தில் செய்முறைக் கட்டத்தைக் காலியாக விட்டவரும் தேறிவிடுகிறார் என்று ஒரு வாசகர் எழுதினார். உண்மைதான், MIN காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது. திருத்தியது கீழே, B முதல் E வரை நான்கு தலைப்பும் அதே வரிசையில்:

```
=IF(COUNT(B2:E2)<4,"முடியவில்லை",IF(MIN(B2:C2)<3,"வேண்டாம்",B2*6+C2*6+D2*5+E2*3))
```